தளப் புதிருக்கு எந்த முறை: ஒரே கட்டமா, பல கேஸ்களா, துண்டுகளா?

எந்தத் தளத்தில் யார் வசிக்கிறார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி வங்கித் தேர்வுகளின் ரீசனிங் பகுதியில் வரும் தளப் புதிரை எல்லோரும் ஒரே மாதிரி தொடங்குகிறார்கள். காகிதத்தில் மேலிருந்து கீழாக 8, 7, 6 என்று எண்களை எழுதிக்கொண்டு, முதல் வாக்கியத்தைப் படிக்கிறார்கள். அதன் பிறகு வழிகள் பிரிகின்றன. ஒருவர் அந்த ஒரே கட்டத்தில் பெயர்களை நிரப்பி, தவறினால் அழித்துத் திருத்துகிறார். இன்னொருவர் ஐயம் எழும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்திலேயே புதிய கட்டம் வரைந்து கேஸ் 1, கேஸ் 2 என்று பிரிக்கிறார். மூன்றாமவர் எதையும் கட்டத்தில் எழுதாமல், சேர்ந்து நகரும் பெயர்களை முதலில் துண்டுகளாகக் கட்டிக்கொள்கிறார். மூன்று வழிகளிலும் சரியான விடைக்குப் போய்ச் சேரலாம் என்றாலும், எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது நேரத்தை வெகுவாக மாற்றிவிடுகிறது.

ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். அந்தக் கணக்கில் ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு புதிருக்கு முழுதாக மூன்று நிமிடம்கூட வராது. தவறான ஒவ்வொரு விடைக்கும் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு கழிந்துவிடும். ஒருமுறை அழித்து மறுபடி தொடங்கினாலே அந்த மூன்று நிமிடம் தீர்ந்துவிடும் என்பதால், அழிக்க வேண்டிய நிலை எங்கே பிறக்கிறது என்பதைக் கொண்டே இந்த மூன்று முறைகளையும் எடைபோட விரும்புகிறேன். அதற்காக ஒரே புதிரை மூன்று வழிகளிலும் போட்டுப் பார்ப்போம்.

எட்டுத் தளங்கள் கொண்ட ஒரு கட்டடத்தில் அருள், கவிதா, சேகர், தாமரை, நடேசன், பவானி, மாலதி, வேலு ஆகிய எட்டுப் பேர் தளத்துக்கு ஒருவராக வசிக்கிறார்கள். மிகக் கீழே உள்ள தளத்தின் எண் 1, மிக மேலே உள்ளதன் எண் 8. அருள் இரட்டைப்படை எண் கொண்ட தளத்தில் வசிக்கிறார். அருளுக்கும், அவருக்குக் கீழே வசிக்கும் கவிதாவுக்கும் இடையே இருவர் வசிக்கிறார்கள். மாலதி கவிதாவுக்கு இரண்டு தளம் மேலே வசிக்கிறார். சேகருக்கு மேலே எத்தனை பேர் வசிக்கிறார்களோ, தாமரைக்குக் கீழேயும் அத்தனை பேர் வசிக்கிறார்கள். சேகரின் தளம் தாமரையின் தளத்துக்கு மேலே உள்ளது. பவானி சேகருக்கு நேர் மேல் தளத்தில் வசிக்கிறார். நடேசன் மாலதிக்குக் கீழே உள்ள ஒரு தளத்தில் வசிக்கிறார், ஆனால் அது நேர் கீழ்த் தளம் அன்று.

எந்த முறையைக் கையாண்டாலும், இந்த வாக்கியங்களை முதலில் எண்களாக மாற்றியாக வேண்டும். "இடையே இருவர்" என்றால் தள எண்களின் வித்தியாசம் 3. "இரண்டு தளம் மேலே" என்றால் வித்தியாசம் 2. "நேர் மேலே" என்றால் வித்தியாசம் 1. வெறும் "மேலே" என்றால் எவ்வளவு என்று சொல்லப்படவில்லை; திசை மட்டுமே தெரியும். இடையே இருப்பவர்களின் எண்ணிக்கையுடன் எப்போதும் ஒன்றைக் கூட்ட வேண்டும் என்பதை மறந்து, "இடையே இருவர்" என்பதை இரண்டு தள வித்தியாசமாக எடுத்துக்கொள்வதே நான் திருத்திய தாள்களில் மிகுதியாகக் கண்ட பிழை.

சேகரையும் தாமரையையும் பற்றிய வாக்கியம் பார்க்கச் சிக்கலாகத் தோன்றினாலும், உண்மையில் அது கண்ணாடி போன்றது. மேலிருந்து சேகர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறாரோ, கீழிருந்து தாமரையும் அத்தனையாவது இடத்தில் இருக்கிறார். ஆகவே எட்டுத் தளங்கள் கொண்ட கட்டடத்தில் இருவரின் தள எண்களைக் கூட்டினால் 9 வரும். அதாவது மொத்தத் தளங்களைவிட ஒன்று அதிகம். சேகர் 7 என்றால் அவருக்கு மேலே ஒருவர். தாமரை 2 என்றால் அவருக்குக் கீழே ஒருவர். கூட்டுத்தொகை 9 என்று ஓரத்தில் எழுதிக்கொண்டால், அந்த நீண்ட வாக்கியத்தை மறுபடி படிக்கவே வேண்டியதில்லை.

தமிழில் கேள்வியைப் படிப்பவர்கள் இங்கே ஒரு சொல்லில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். "சேகருக்கு மேல் மூவர் வசிக்கிறார்கள்" என்பதும் "சேகருக்கு மேல் மூவருக்கு மேல் வசிக்கிறார்கள்" என்பதும் ஒன்றல்ல. முதல் வாக்கியம் சேகரை 5ஆம் தளத்தில் உறுதியாக நிறுத்துகிறது. இரண்டாவதில் வரும் இரண்டாம் "மேல்" தளத்தைக் குறிக்கவில்லை. மூவரைவிட அதிகம் என்ற பொருளில் வந்துள்ளது. அதன்படி சேகர் 4ஆம் தளத்திலோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். அதேபோல் நாம் பேச்சில் "முதல் மாடி" என்று சொல்வது தரைத்தளத்துக்கு அடுத்த தளத்தை; புதிரில் தளம் 1 என்பது பெரும்பாலும் மிகக் கீழே உள்ளதையே குறிக்கும். எண்ணிடும் முறையைப் புதிரின் முதல் வரியே சொல்லிவிடுவதால், அந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டிவிடக் கூடாது.

இனி முதல் முறை. ஒரே கட்டம் வைத்து நிரப்புபவர் அருளை எங்கே வைப்பார்? கவிதா மூன்று தளம் கீழே இருக்க வேண்டும் என்பதால் 2ஆம் தளம் ஆகாது. 4, 6, 8 ஆகிய மூன்றும் ஆகும். வழக்கமாகக் கை சிறிய எண்ணுக்கே போகும். அருள் 4, கவிதா 1, மாலதி 3 என்று எழுதுகிறார். சேகரும் தாமரையும் கூடி 9 வர வேண்டும். காலியாக உள்ளவை 2, 5, 6, 7, 8. இவற்றில் 7, 2 என்ற ஒரு சோடி மட்டுமே 9 ஆகிறது. சேகர் தாமரைக்கு மேலே என்பதால் சேகர் 7, தாமரை 2. பவானி நேர் மேலே, ஆகவே 8. எல்லாம் அழகாக அமைந்துவிட்டது. எட்டில் ஆறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி வாக்கியத்தில் நடேசன் மாலதிக்குக் கீழே என்று வருகிறது. மாலதி 3இல் இருக்கிறார். அவருக்குக் கீழே 2இல் தாமரை, 1இல் கவிதா. நடேசனுக்கு இடமே இல்லை.

இந்த இடத்தில் கட்டத்தைப் பார்த்தால் உண்மையான சிக்கல் புரியும். ஆறு பெயர்களும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் எது புதிர் சொன்னது, எது நாமாக வைத்துப் பார்த்தது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. என்னிடம் மாலை வகுப்புக்கு வந்த ஒரு மாணவியின் தாளில் இதே நிலையைக் கண்டேன்: 4 என்ற எண்ணுக்கு எதிரே அருளின் பெயர் அடிக்கப்பட்டு, அதன் மேலேயே வேறொரு பெயர் எழுதப்பட்டு, அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. அவர் செய்த கணக்கில் ஒரு படிகூடத் தவறில்லை. மூன்று இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம் என்பதை எங்கும் குறித்துவைக்காததுதான் தவறு. எல்லாவற்றையும் அழித்ததில் சரியாக இருந்த பெயர்களும் சேர்ந்து போயின. சேகர் 7, தாமரை 2, பவானி 8 ஆகிய மூன்றும் இறுதி விடையிலும் அப்படியேதான் வருகின்றன என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

அதற்காக ஒரே கட்ட முறையை ஒதுக்கிவிடவும் முடியாது. "வேலு 4ஆம் தளத்தில் வசிக்கிறார், கவிதா அவருக்கு நேர் கீழே, அருள் கவிதாவுக்கு மூன்று தளம் மேலே, மாலதி அருளுக்கு நேர் கீழே" என்று ஒரு புதிர் வந்தால், 4, 3, 6, 5 என்று படிக்கப் படிக்க எழுதிக்கொண்டே போகலாம். இத்தகைய புதிருக்குக் கேஸ் பிரிப்பதும் துண்டு கட்டுவதும் வீண் வேலை. ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ஓர் இடத்தைத்தான் தருகிறது என்ற நிலை நீடிக்கும் வரை இந்த முறையைவிட வேகமானது வேறில்லை. ஒரு வாக்கியம் இரண்டு இடங்களைக் காட்டிய அந்த நொடியில் இதை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது முறையில் அருளுக்கு மூன்று இடங்கள் என்று தெரிந்ததும் மூன்று கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரையப்படுகின்றன. கேஸ் 1இல் அருள் 4, மாலதி 3, கவிதா 1. கேஸ் 2இல் அருள் 6, மாலதி 5, கவிதா 3. கேஸ் 3இல் அருள் 8, மாலதி 7, கவிதா 5. அடுத்து, கூட்டுத்தொகை 9 ஆகும் சோடியை ஒவ்வொன்றிலும் தேட வேண்டும். கேஸ் 1இல் சேகர் 7, தாமரை 2 மட்டும். கேஸ் 2இல் காலியாக உள்ளவை 1, 2, 4, 7, 8 என்பதால் 8, 1 என்ற சோடியும் 7, 2 என்ற சோடியும் பொருந்துகின்றன. இந்தக் கேஸ் இரண்டாகப் பிளக்கிறது. கேஸ் 3இல் 6, 3 மட்டும். இப்போது கையில் நான்கு கட்டங்கள் உள்ளன.

பவானி சேகருக்கு நேர் மேலே என்ற வாக்கியம் இவற்றில் இரண்டை நீக்குகிறது. சேகர் 8இல் இருக்கும் கட்டத்தில் அவருக்கு மேலே தளமே இல்லை. சேகர் 6இல் இருக்கும் கேஸ் 3இல் 7ஆம் தளத்தை மாலதி ஏற்கெனவே பிடித்திருக்கிறார். எஞ்சிய இரண்டும் இப்படி இருக்கின்றன:

| தளம் | கேஸ் 1 | கேஸ் 2 |
|---|---|---|
| 8 | பவானி | பவானி |
| 7 | சேகர் | சேகர் |
| 6 | | அருள் |
| 5 | | மாலதி |
| 4 | அருள் | |
| 3 | மாலதி | கவிதா |
| 2 | தாமரை | தாமரை |
| 1 | கவிதா | |

நடேசன் மாலதிக்குக் கீழே என்றதும் கேஸ் 1 விழுந்துவிடுகிறது. கேஸ் 2இல் காலியாக உள்ளவை 4, 1. நேர் கீழே அல்ல என்பதால் 4 ஆகாது, நடேசன் 1. எஞ்சிய வேலு 4. மேலிருந்து கீழாக பவானி, சேகர், அருள், மாலதி, வேலு, கவிதா, தாமரை, நடேசன் என்று விடை முழுமையாகிறது.

இந்த முறையில் எதையும் அழிக்க நேரவில்லை. கட்டத்தின் மேல் ஒரு கோடு போட்டால் அது நீங்கிவிடுகிறது. மற்றவை தீண்டப்படாமல் நிற்கின்றன. இன்னொரு பயனும் உண்டு. அதைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. மேலே உள்ள பட்டியலைப் பாருங்கள். புதிர் இன்னும் தீரவில்லை. ஆனாலும் 8, 7, 2 ஆகிய தளங்களில் யார் என்பது இரண்டு கேஸ்களிலும் ஒன்றே. மிக மேலே வசிப்பவர் யார், சேகருக்கும் தாமரைக்கும் இடையே எத்தனை பேர் என்று கேட்டால், இந்த நிலையிலேயே தயங்காமல் விடை குறிக்கலாம். நேரம் முடியும் தறுவாயில் கடைசி வாக்கியத்தில் சிக்கிக்கொண்டவருக்கு இந்த இரண்டு கேள்விகளின் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஒரே கட்டம் வைத்தவருக்கு இது தெரிய வழியே இல்லை. ஏனென்றால் பொதுவாக இருப்பது எது என்பது இரண்டு கட்டங்களை ஒப்பிட்டால்தான் கண்ணில் படும்.

கேஸ் முறையின் குறை அதன் பெருக்கம். நம் புதிரில் நான்கோடு நின்றது. திசை சொல்லாமல் "அருளுக்கும் கவிதாவுக்கும் இடையே இருவர்" என்று மட்டும் இருந்திருந்தால், கவிதா அருளுக்கு மேலே இருக்கும் கேஸ்களும் சேர்ந்திருக்கும். என் அனுபவத்தில் நான்கு கட்டங்கள் வரை கண் தாங்கும். ஐந்தாவது கட்டம் வரையத் தோன்றினால், புதிரை எழுதியவர் அங்கே பிரிக்கச் சொல்லவில்லை, வேறொரு வாக்கியத்தை முதலில் எடுக்கச் சொல்கிறார் என்று கொள்வது நல்லது. அத்துடன், ஒரு புதிய பெயரை எழுதும்போது எல்லாக் கட்டங்களிலும் எழுதியாக வேண்டும். ஒன்றில் எழுத மறந்தால், அந்தக் கட்டத்தில் இடம் காலியாக இருப்பதுபோலத் தோன்றி, இறந்துபோன கேஸ் உயிரோடு இருப்பதாகக் காட்டும்.

மூன்றாவது முறையில் புதிர் முழுவதையும் ஒருமுறை படித்து முடித்த பிறகே கட்டத்துக்குப் போகிறோம். பயிற்சி வகுப்புகளில் இதைப் பிளாக் முறை என்பார்கள். தள எண்ணை மறந்துவிட்டு, யாருக்கு மேலே யார் என்பதை மட்டும் ஒரு துண்டாக எழுத வேண்டும். அருளுக்கு மூன்று தளம் கீழே கவிதா. கவிதாவுக்கு இரண்டு தளம் மேலே மாலதி. ஆகவே அருளுக்கு நேர் கீழே மாலதி, பிறகு ஓர் இடைவெளி, பிறகு கவிதா. இது நான்கு தள உயரமுள்ள ஒரே துண்டு. இரண்டாவது துண்டு பவானியும் அவருக்கு நேர் கீழே சேகரும், உயரம் இரண்டு. அதன் ஓரத்தில் "சேகர் + தாமரை = 9" என்ற குறிப்பு.

இப்போது நடேசனைப் பற்றிய கடைசி வாக்கியத்தை முதல் துண்டோடு ஒட்டிப் பாருங்கள். அவர் மாலதிக்குக் கீழே இருக்கிறார். நேர் கீழே இல்லை. மாலதிக்கு இரண்டு தளம் கீழே இருப்பவர் கவிதா என்பது துண்டிலேயே எழுதியிருக்கிறது. நேர் கீழே உள்ள இடமும் ஆகாது, அதற்கு அடுத்ததும் நிரம்பிவிட்டது என்றால், நடேசன் கவிதாவுக்கும் கீழேதான் இருக்க முடியும். புதிர் எங்கும் நடேசனையும் கவிதாவையும் ஒரே வாக்கியத்தில் சொல்லவில்லை. இரண்டு வாக்கியங்களைச் சேர்த்ததும் இந்த உறவு தானாக வெளிப்படுகிறது. கவிதாவுக்குக் கீழே ஒருவராவது இருந்தாக வேண்டும் என்பதால் கவிதா 1ஆம் தளத்தில் இருக்க முடியாது. அப்படியென்றால் அருள் 4 என்பதும் இல்லை. ஒரே கட்டக்காரரை ஆறு பெயர் எழுத வைத்து ஏமாற்றிய கேஸ் 1, இங்கே ஒரு பெயர்கூட எழுதப்படும் முன்பே நீங்கிவிடுகிறது.

அருளுக்கு மிஞ்சியவை 6, 8. இரண்டாவது துண்டையும் இதேபோல் நெருக்கலாம். சேகர் தாமரைக்கு மேலே, கூட்டுத்தொகை 9 என்றால் சேகர் 5 முதல் 8 வரை. பவானி அவருக்கு மேலே இருப்பதால் 8 ஆகாது. ஆக 5, 6, 7. அருள் 8 என்று வைத்தால் 8, 7, 5 நிரம்பிவிடும். பவானி, சேகர் துண்டு அமர அடுத்தடுத்த இரண்டு தளங்கள் வேண்டும். சேகர் 5 என்றாலும் 7 என்றாலும் அந்த இடமே நிரம்பியிருக்கிறது, 6 என்றால் பவானிக்கு இடமில்லை. ஆகவே அருள் 6. நிரம்பியவை 6, 5, 3. சேகர் 7, பவானி 8, தாமரை 2. கவிதாவுக்குக் கீழே எஞ்சிய 1இல் நடேசன். 4இல் வேலு. கட்டம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பெயரும் ஒரே முறை எழுதப்பட்டது.

துண்டின் உயரம் தெரிந்தால் அது எத்தனை இடங்களில் அமரும் என்பதையும் உடனே சொல்லிவிடலாம். எட்டுத் தளங்களில் நான்கு உயரத் துண்டுக்கு ஐந்து நிலைகள். அருள் இரட்டைப்படை என்ற நிபந்தனை அதை மூன்றாக்குகிறது. எந்த நிபந்தனையும் இல்லாவிட்டால் எட்டுப் பேரை 40320 விதமாக அமர்த்தலாம். இந்த ஒரு துண்டு மட்டும் அதை மூன்று நிலைகள், ஒவ்வொன்றிலும் மீதி ஐவருக்கு 120 விதங்கள் என 360ஆகக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் துண்டுகள் பல இருந்தால் உயரமானதை முதலில் கட்டத்தில் வைக்க வேண்டும் என்கிறேன். குட்டையான துண்டை முதலில் வைத்தால் அது ஏழு இடங்களில் நகரும். அதைக் கொண்டு எதையும் நீக்க முடியாது.

துண்டு முறைக்கும் வரம்பு உண்டு. வாக்கியங்களில் பொதுவான பெயர் இல்லாவிட்டால் துண்டுகள் ஒட்டாது. அருளும் கவிதாவும் ஒரு வாக்கியத்தில், மாலதியும் வேலுவும் இன்னொன்றில், சேகரும் பவானியும் மூன்றாவதில் என்று தனித்தனியாக நின்றால், மூன்று குட்டைத் துண்டுகள்தான் கிடைக்கும். கடைசியில் கேஸ் பிரித்தே ஆக வேண்டும். திசை சொல்லப்படாத சோடிக்குத் துண்டைத் தலைகீழாகவும் எழுதிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, புதிர் முழுவதையும் படித்த பிறகே எழுதுவது என்பது தொடக்கத்தில் பதற்றம் தரும். பக்கத்தில் இருப்பவர் எழுதத் தொடங்கிவிட்டாரே என்ற எண்ணத்தில் பாதியில் துண்டை விட்டுக் கட்டத்துக்குத் தாவுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இரண்டு முறைகளின் நன்மையும் கிடைப்பதில்லை.

நான்காவதாக ஒன்றையும் சிலர் பரிந்துரைப்பதுண்டு: எட்டுப் பெயர்களுக்கும் எட்டுத் தளங்களுக்கும் 64 கட்டங்கள் வரைந்து, ஆகாதவற்றில் பெருக்கல் குறி இட்டுக்கொண்டே போவது. மேலே, கீழே என்ற உறவுகள் மட்டுமே உள்ள புதிருக்கு இது பொருந்தாது. அருள் 4, 6, 8. கவிதா 1, 3, 5 என்று அதில் குறிக்கலாம். ஆனால் அருள் 4 என்றால் கவிதா 1 மட்டுமே, அருள் 6 என்றால் கவிதா 3 மட்டுமே என்ற பிணைப்பை அந்தக் குறிகளால் காட்ட முடியாது. தளப் புதிரின் உயிரோ அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது. ஆளுக்கொரு நிறமும் பிடிக்கும் என்று இரண்டாவது செய்தி சேர்ந்து, "அருளுக்கு நீலமும் பச்சையும் பிடிக்காது" என்பது போன்ற மறுப்பு வாக்கியங்கள் மிகுந்த புதிர்களில் மட்டும் இதன் சாயல் உதவும். அப்போதும் முழுக் கட்டம் வேண்டாம். அருள் அமர்ந்த தளத்துக்கு எதிரே ஆகாத நிறங்களை அடித்து எழுதிவைத்தால் போதும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை முதல் வாசிப்பிலேயே முடிவுசெய்ய முடியும். தள எண்ணை நேராகச் சொல்லும் வாக்கியம் ஒன்று இருந்து, மற்றவை அதிலிருந்து சங்கிலியாகத் தொடர்ந்தால் ஒரே கட்டம். எண் சொல்லப்படாமல், ஒரே பெயர் இரண்டு மூன்று வாக்கியங்களில் திரும்பத் திரும்ப வந்தால் துண்டு. நம் புதிரில் மாலதியும் கவிதாவும் சேகரும் அப்படி வந்தார்கள். இரண்டும் இல்லாமல் பெயர்கள் சிதறிக் கிடந்தால், மிகக் குறைந்த இடங்களைத் தரும் வாக்கியத்தை எடுத்துக் கேஸ் பிரிக்க வேண்டும். ஒன்றை மட்டும் பழகிக்கொள்ள நேரம் இருக்கிறது என்பவருக்கு நான் துண்டு முறையையே சொல்வேன். துண்டுகளை ஒட்டிய பிறகும் ஐயம் மிஞ்சினால், அங்கே பிரியும் கேஸ்கள் இரண்டைத் தாண்டுவது அரிது. அதாவது, கேஸ் முறையின் பெருக்கம் என்ற குறையைத் துண்டு முறையே முன்கூட்டிக் குறைத்துவிடுகிறது.

தேர்ந்தெடுத்த முறை சரியாகப் போகிறதா என்பதை இரண்டு அறிகுறிகளைக் கொண்டு அறியலாம். எல்லாக் கேஸ்களும் விழுந்துவிட்டால் புதிர் தவறு என்று எண்ண வேண்டாம். ஒரு வாக்கியத்தை எண்ணாக மாற்றியதில் பிழை இருக்கிறது. முதலில் "இடையே" வரும் வாக்கியங்களையும், பிறகு மேல், கீழ்த் திசையையும் சரிபார்த்தால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். மாறாக, எல்லாம் முடிந்த பிறகும் இரண்டு அமைப்புகள் உயிரோடு இருந்தால், ஏதோ ஒரு வாக்கியம் பயன்படாமல் கிடக்கிறது. ஒவ்வொரு வாக்கியத்தையும் பயன்படுத்தியவுடன் அதன் எண்ணைத் தாளில் குறித்து அடித்துவந்தால், விட்டுப்போனது எது என்று தேட வேண்டியதில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கும்போது இது இன்னும் தேவைப்படுகிறது. நடேசன் வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் பயன்படுத்தியவருக்கு 4ஆம் தளத்திலும் 1ஆம் தளத்திலும் நடேசனும் வேலுவும் இடம் மாறி இரண்டு விடைகள் நிற்கும். "ஆனால்" என்பதற்குப் பின் வரும் சொற்களே அவற்றில் ஒன்றை நீக்குகின்றன.

அண்மைக் காலத்தில் ஒவ்வொரு தளத்திலும் மேற்கே ஒரு பிளாட், கிழக்கே ஒரு பிளாட் என்று இரண்டு வரிசைகளாக வரும் புதிர்களுக்கும் இந்த ஒப்பீடு பொருந்தும். ஆனால் துண்டை அகலத்திலும் எழுத வேண்டியிருக்கும். அங்கே "நேர் மேலே" என்றால் அதே பக்கத்துப் பிளாட்டா, வெறும் அடுத்த தளமா என்பதைப் புதிரின் முன்னுரையில் பார்த்துவிட்டு, பக்கம் தெரியாத பெயரை இரண்டு பிளாட்டுக்கும் நடுக்கோட்டின் மேல் எழுதிவைக்கலாம். பக்கத்தைச் சொல்லும் வாக்கியம் வந்ததும் அதை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓர் அம்புக்குறியால் நகர்த்தினால் போதும். அதற்காக மட்டும் கேஸ் பிரிக்க வேண்டியதில்லை.